உங்கள் பட்டியலில் விடுபட்ட சொத்து: ஓஎம்ஆர் ஐடி ஊழியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

தரமணியில் தொடங்கி சிறுசேரி வரை ஒரே சாலையில் வேலை பார்க்கும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அதிலும் முப்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதில், மாதம் தவறாமல் எஸ்ஐபி கட்டி, அதை ஒரு எக்செல் தாளில் ஒழுங்காக எழுதி வைத்திருப்பவர்களுக்கு. சேமிக்கவே சேமிக்காதவர்களிடம் பேச வேண்டியது வேறு. நீங்கள் சேமிக்கிறீர்கள், படிக்கிறீர்கள், ஒப்பிட்டுப் பார்க்கிறீர்கள். அப்படியிருந்தும் அந்தத் தாளில் உங்களுடைய மிகப் பெரிய சொத்து இல்லை.

முதலீட்டு ஆலோசனை என் தொழில். உங்களில் பலர் கொண்டுவந்து காட்டும் தாள்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. இரண்டு ஃபிளெக்ஸி கேப் ஃபண்டு, ஒரு ஸ்மால் கேப், நாஸ்டாக்கில் போடும் ஃபண்டு ஒன்று, "நமக்குத் தெரிந்த துறை" என்று வாங்கிய டெக்னாலஜி ஃபண்டு ஒன்று, அதற்குக் கீழே கம்பெனி கொடுத்த ஆர்எஸ்யூ பங்குகள். எஃப்டி என்ற வரியே இருக்காது. பிஎஃப் பணத்தை யாரும் எழுதுவதில்லை. ஏன் எல்லாமே பங்கு என்று கேட்டால், "வயசு இருக்கே சார்" என்பதுதான் பதில். நூறிலிருந்து வயதைக் கழித்தால் வருவதே பங்கின் சதவீதம் என்ற சூத்திரத்தையும் சிலர் சொல்கிறீர்கள். முப்பத்தைந்து வயதுக்கு 65 சதவீதம். அதுவே கோழைத்தனம் என்பவர்களும் உண்டு.

என் மனக்குறை உங்கள் மேல் இல்லை, உங்களுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்த எங்கள் தொழிலின் மேல்தான். ஃபண்டு வாங்கும்போது நீங்கள் நிரப்பும் ரிஸ்க் படிவத்தை நினைத்துப் பாருங்கள். வயது என்ன, சந்தை இருபது சதவீதம் விழுந்தால் என்ன செய்வீர்கள், எத்தனை ஆண்டுக்கு இந்தப் பணம் தேவையில்லை என்றெல்லாம் கேட்கிறோம். உங்கள் சம்பளம் எங்கிருந்து வருகிறது, அது எந்த நேரத்தில் நிற்கும் என்று கேட்பது அபூர்வம். அந்தப் படிவத்தின் கண்ணுக்கு மேல்நிலைப் பள்ளி ஆசிரியையும் நீங்களும் ஒன்றுதான், வயது ஒன்றாக இருந்தால் போதும்.

அந்த ஆசிரியையையே எடுத்துக்கொள்வோம். இரண்டு சகோதரிகள் என்று வையுங்கள். கணக்கு எளிதாக இருக்க இரட்டையர் என்றே வைப்போம், இருவருக்கும் வயது முப்பத்தைந்து. மூத்தவர் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுநிலை ஆசிரியர். பிடித்தம் போக ஆண்டுக்கு 9 லட்சம் கைக்கு வருகிறது. இளையவர் சிறுசேரியில் புராஜெக்ட் லீடு, அவருக்கு ஆண்டுக்கு 15 லட்சம். இருவரிடமும் இன்றைக்கு ஆளுக்கு 25 லட்சம் சேமிப்பு இருக்கிறது. தாளில் இரண்டு பேரும் சமம். மாதச் சம்பளத்தில் தங்கை ஒரு படி மேலே.

இப்போது தாளில் இல்லாத வரியைச் சேர்ப்போம். இனி வரப்போகும் சம்பளம் முழுவதையும் இன்றைய ஒரே தொகையாக மாற்றினால் எவ்வளவு? பொருளியலாளர்கள் மனித மூலதனம் என்று சொல்வது இதைத்தான். எந்தக் கடன் பத்திரத்தையும் மதிப்பிடுவதைப் போலவே இதையும் மதிப்பிடலாம். எத்தனை ஆண்டு வரும், எவ்வளவு வரும், எவ்வளவு உறுதியாக வரும் என்ற மூன்றும் தெரிந்தால் போதும். உறுதி குறையக் குறைய, வருங்காலத் தொகையைக் கூடுதலான வட்டியில் கழித்துக் குறைக்க வேண்டும்.

அக்காவின் சம்பளம் அறுபது வயது வரை வரும். 2020 வரை தமிழ்நாட்டில் ஓய்வு வயது ஐம்பத்தெட்டு. அந்த ஆண்டு அது ஐம்பத்தொன்பதாகி, 2021இல் அறுபதானது. ஒரு ரூபாய்கூட முதலீடு செய்யாமலே அவருடைய மூலதனத்தில் இரண்டு ஆண்டுச் சம்பளம் கூடியது. விலைவாசி ஏறினால் அகவிலைப்படி ஏறுகிறது. ஆகவே விலைவாசிக்கு மேல் வெறும் இரண்டு சதவீதம் கழித்தால் போதும் என்று வைப்போம். இருபத்தைந்து ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 1 கோடியே 75 லட்சம் வருகிறது.

தங்கையின் கதை வேறு. அவரிருக்கும் தளத்தில் ஐம்பதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர்? உங்கள் தளத்திலும் எண்ணிப் பாருங்கள். 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, அவர்களில் பெரும்பாலோர் நடுநிலை, மேல்நிலைப் பொறுப்பில் இருப்பவர்கள் என்று சொன்னது. அதனால் தங்கைக்கு ஐம்பது வயது வரை, பதினைந்து ஆண்டு என்று வைப்பதே நியாயம். அந்தப் பதினைந்து ஆண்டும் உறுதியில்லை என்பதால் ஐந்து சதவீதம் கழிப்போம். வருவது சுமார் 1 கோடியே 55 லட்சம்.

ஆண்டுக்கு ஆறு லட்சம் கூடுதலாக வாங்குபவரின் வேலை, அக்காவின் வேலையைவிட விலை குறைவு. கால்வாய்ப் பாசன நிலமும் மானாவாரி நிலமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், மழை நன்றாகப் பெய்த ஆண்டில் மானாவாரியின் விளைச்சலைப் பார்த்து யாரும் விலை பேசுவதில்லை. அதே புத்தியைச் சம்பளத்தின் மேலும் வைக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான். நான் எடுத்துக்கொண்ட சதவீதங்கள் பிடிக்கவில்லையென்றால் மாற்றிப் பாருங்கள். தங்கைக்கும் அறுபது வயது வரை, இரண்டு சதவீதம் என்று போட்டால் 2 கோடியே 93 லட்சம் வரும். அந்த எண்ணை நம்ப மனம் வருகிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

தொகையைவிட முக்கியமானது அந்தத் தொகையின் குணம். அக்காவின் 1 கோடியே 75 லட்சம் கடன் பத்திரம் மாதிரி. சந்தை எப்படிப் போனாலும் மாதக் கடைசியில் அவர் கணக்கில் பணம் ஏறும். தங்கையினுடையது கொஞ்சம் பத்திரம், கொஞ்சம் பங்கு. உங்கள் கம்பெனிக்குப் பணம் தரும் வாடிக்கையாளர் பெரும்பாலும் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருக்கும் ஒரு வங்கி, ஒரு சில்லறை வணிக நிறுவனம், ஒரு காப்பீட்டு நிறுவனம். அங்கே தொழில் மந்தமானால் அவர்கள் முதலில் நிறுத்துவது புதிய புராஜெக்டுகளை. இங்கே பெஞ்ச் நீள்கிறது, வேரியபிள் பே பாதியாகிறது, வேலை மாற நினைப்பவருக்கு வெளியே கதவு மூடியிருக்கிறது. அதே மந்தத்தைப் பார்த்துத்தான் வெளிநாட்டு நிதிகள் நம் சந்தையிலிருந்து பணத்தை எடுக்கின்றன. ஒரே காரணம் இரண்டு இடத்திலும் அடிக்கிறது. 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ் அந்த ஆண்டு அக்டோபரில் 8,000க்கும் கீழே போனது. அந்த நேரத்தில்தான் சம்பள உயர்வுகள் நின்றன, கேம்பஸில் வேலை கிடைத்த பிள்ளைகள் சேரும் தேதிக்காகக் காத்துக் கிடந்தார்கள். அப்போது உங்களில் பலர் பள்ளியிலோ கல்லூரியிலோ இருந்திருப்பீர்கள். சீனியர்களைக் கேளுங்கள்.

"இளைஞர்கள் அதிகமாகப் பங்கில் போடலாம்" என்ற அறிவுரை எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னால், அது எங்கே பொருந்தாது என்பதும் விளங்கும். அது வெறும் பழமொழியாக வந்ததல்ல, அதற்கு நல்ல வாதம் உண்டு. 1992இல் ஸ்வி போடி, ராபர்ட் மெர்ட்டன், பால் சாமுவேல்சன் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. இளைஞர் ஒருவரிடம் சம்பாதிக்கும் திறன் என்ற பெரிய சொத்து இருக்கிறது, முதலீட்டில் அடி விழுந்தால் கூடுதலாக உழைத்தோ தாமதமாக ஓய்வு பெற்றோ ஈடுகட்டலாம், அதனால் கையிலிருக்கும் சிறு சேமிப்பில் துணிந்து பங்கு வாங்கலாம் என்பது அதன் சாரம். அந்த வாதத்தின் உயிர் "ஈடுகட்டலாம்" என்ற சொல்லில் இருக்கிறது. சந்தை விழும்போது சம்பளம் விழாமல் இருக்க வேண்டும். கூடவே சம்பளமும் விழுந்தால் வாதம் தலைகீழாகிவிடும். 2007இல் பென்சோனி, கோலின்-டுஃப்ரேன், கோல்ட்ஸ்டைன் என்ற மூன்று பேர் அதைத்தான் செய்து காட்டினார்கள். நீண்ட காலத்தில் சம்பளமும் கம்பெனிகளின் லாபமும் கைகோத்தே போகும் என்று எடுத்துக்கொண்டால், இளைஞரின் மனித மூலதனமே பங்குபோல நடந்துகொள்ளும், ஆகவே இளமையில் பங்கு குறைவாகவும் நடுவயதில் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்று அவர்கள் கணக்கு சொன்னது. டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் மோஷே மிலெவ்ஸ்கி 2008இல் ஒரு புத்தகமே எழுதினார். நீங்கள் பங்கா, பத்திரமா என்று வாசகரைக் கேட்பதுதான் அதன் தலைப்பு. உங்கள் வயதைக் கேட்பதற்கு முன் நான் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

சகோதரிகளிடம் திரும்புவோம். மொத்தச் சொத்தில், அதாவது சேமிப்பும் மனித மூலதனமும் சேர்ந்ததில், முப்பது சதவீதம் பங்கின் ஏற்ற இறக்கத்தில் இருக்கட்டும் என்று இருவரும் முடிவு செய்கிறார்கள். அக்காவின் மொத்தம் 2 கோடி, அதில் முப்பது சதவீதம் 60 லட்சம். அவர் கையில் இருப்பதே 25 லட்சம்தான். முழுவதையும் பங்கில் போட்டாலும் இலக்கை எட்ட மாட்டார்.

தங்கையின் மொத்தம் 1 கோடியே 80 லட்சம், அதில் முப்பது சதவீதம் 54 லட்சம். ஆனால் அவருடைய வேலையில் மூன்றில் ஒரு பங்கு சந்தையோடு ஆடுகிறது என்று வைத்தால், ஏறக்குறைய 52 லட்சத்துக்கு அவர் ஏற்கெனவே பங்கு வைத்திருக்கிறார் என்று அர்த்தம். யாரும் அதை அவருக்கு விற்கவில்லை. ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போட்டபோது வாங்கியது அது. மிச்சம் 2 லட்சம். 25 லட்சத்தில் எட்டு சதவீதம்.

எட்டு சதவீதம் என்று படித்ததும் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரிப்பதில் நியாயமும் இருக்கிறது. மூன்றில் ஒன்று என்பதற்குப் பதில் நான்கில் ஒன்று என்று வைத்துப் பாருங்கள். வேலைக்குள் இருக்கும் பங்கு 39 லட்சமாகக் குறைகிறது, சேமிப்பில் 15 லட்சத்தைப் பங்கில் போடலாம், அதாவது அறுபது சதவீதம். ஒரு சின்ன ஊகம் மாறியதில் விடை எட்டிலிருந்து அறுபதுக்குத் தாவுகிறது. சேமிப்பைவிட வேலை ஆறு மடங்கு பெரிதாக இருக்கும் வயதில் இந்தக் கணக்கு இப்படித்தான் ஆடும். ஆகவே சதவீதத்தைத் துல்லியமாகச் சொல்லிவிட்டேன் என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள், நானே வந்தாலும். இதிலிருந்து உறுதியாகக் கிடைப்பது ஒன்று உண்டு. இந்த இரண்டு ஊகங்களில் எதை வைத்தாலும் தங்கையின் பங்கு விகிதம் அக்காவினுடையதைவிடக் குறைவாகத்தான் வரும். படிவம் இருவருக்கும் ஒரே எண்ணைத் தந்தது.

இன்னொன்றும் கிடைக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தங்கைக்கு நாற்பத்தெட்டு வயதாகட்டும். சேமிப்பு ஒன்றரைக் கோடியாக வளர்ந்திருக்கட்டும். வேலையில் மிச்சம் இரண்டு ஆண்டு, மதிப்பு சுமார் 28 லட்சம். அதே முப்பது சதவீத இலக்கோடு கணக்கைப் போட்டால், மூன்றில் ஒன்று என்ற ஊகத்துக்கு 29 சதவீதமும் நான்கில் ஒன்று என்ற ஊகத்துக்கு 31 சதவீதமும் வருகின்றன. தகராறு தீர்ந்துவிட்டது. வேலையின் மதிப்பு கரைந்து சேமிப்பு வளர்ந்ததும் ஊகத்தின் பலம் போய்விடுகிறது. அதிக ஆபத்தான வேலை என்று நினைத்தவருக்கு வயது ஏற ஏறப் பங்கு கூடியது, எட்டிலிருந்து இருபத்தொன்பதுக்கு. நூறிலிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரம் எதிர்த் திசையில் போகச் சொல்கிறது.

அரசு வேலையை நான் வானத்தில் தூக்கி வைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேரை அன்றைய தமிழ்நாடு அரசு ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்தது. உச்ச நீதிமன்றம் வரை போய், பெரும்பாலானவர்கள் திரும்பச் சேர்ந்தார்கள். அதே ஆண்டு ஏப்ரல் முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் போய், பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. 2020இல் அகவிலைப்படி உயர்வை நிறுத்தி வைத்தார்கள். பத்திரமும் சில நேரம் சொன்ன சொல் தவறும். ஆனால் இந்த அடிகள் அரசியலிலிருந்தும் கஜானாவிலிருந்தும் வந்தவை. உங்கள் ஃபண்டு விழும் அதே காலையில் வரவேண்டும் என்ற கட்டாயம் அவற்றுக்கு இல்லை.

ஒரு விநோதத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மத்திய அரசு ஊழியரின் என்பிஎஸ் பணத்தில், அவராக வேறு வழியைத் தேர்ந்தெடுக்காதவரை, 15 சதவீதத்துக்கு மேல் பங்கில் போகக் கூடாது என்ற வரம்பு நெடுங்காலம் இருந்தது. அதே என்பிஎஸ்ஸில் தனியார் ஊழியர் 75 சதவீதம் வரை போகலாம் என்று வைத்திருந்தார்கள். பத்திரம் போன்ற வேலை வைத்திருப்பவருக்குப் பத்திரம், பங்கு போன்ற வேலை வைத்திருப்பவருக்குப் பங்கு. விதி எழுதியவர்களும் படிவக்காரர்கள்தான்.

இனி நீங்கள் கேட்கப்போகும் கேள்விக்கு வருகிறேன். "சந்தை நன்றாக இருக்கும்போதே ஆளை எடுக்கிறார்களே, அதற்கும் பங்கைக் குறைப்பதற்கும் என்ன தொடர்பு?" தொடர்பு இல்லை. உங்களில் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான். வேலைக்கு இரண்டு விதமான ஆபத்து உண்டு. ஒன்று தனியாக வருவது: உங்கள் வாடிக்கையாளர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார், உங்கள் தொழில்நுட்பம் பழசாகிவிட்டது, புது மேலாளருக்கு உங்களைப் பிடிக்கவில்லை. இதற்கு மருந்து பங்கைக் குறைப்பது அல்ல. ஓராண்டு வீட்டுச் செலவும் இஎம்ஐயும் எஃப்டியிலோ லிக்விட் ஃபண்டிலோ இருப்பதுதான். வேலை போன மறுநாள் உங்கள் மற்ற ஃபண்டுகள் நல்ல விலையில் இருக்கக்கூடும், அவற்றைத் தொடாமல் இருக்க அந்தப் பணம் உதவும். மற்றது கூட்டமாக வருவது: சந்தை, ஹைரிங், போனஸ், ஆர்எஸ்யூ விலை எல்லாம் சேர்ந்து இறங்குவது. அப்போது எல்லோரும் ஒரே நேரத்தில் வேலை தேடுகிறார்கள், எல்லோரும் விழுந்த விலையில் யூனிட்டுகளை விற்கிறார்கள். பங்கு விகிதத்தைக் குறைப்பது இந்த இரண்டாவது ஆபத்துக்காகத்தான்.

உங்கள் வேலையில் எந்த ஆபத்து எவ்வளவு என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன், ஒரு மாலை போதும். பழைய ஃபார்ம் 16களை எடுங்கள். ஒவ்வொரு ஆண்டும் கைக்கு வந்த மொத்த வருமானத்தை, வேரியபிளும் போனஸும் உட்பட, ஒரு வரிசையில் எழுதுங்கள். பக்கத்தில் அந்தந்த ஆண்டு சென்செக்ஸ் ஏறியதா இறங்கியதா, நிஃப்டி ஐடி குறியீடு ஏறியதா இறங்கியதா என்று எழுதுங்கள். இரண்டு குறியீடும் வேண்டும். 2022இல் நிஃப்டி நான்கு சதவீதத்துக்கு மேல் ஏறியது, நிஃப்டி ஐடி இருபத்தைந்து சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அதற்கடுத்த ஓரிரு ஆண்டுகளில் உங்கள் உயர்வு எப்படி இருந்தது என்று பாருங்கள். உங்கள் சம்பளம் பொதுச் சந்தையைவிடத் துறைக் குறியீட்டின் பின்னால்தான் ஓடுகிறது என்பது பலருக்குத் தெரியவரும். அப்படித் தெரிந்தபிறகு அந்த டெக்னாலஜி ஃபண்டை எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்க வேண்டியிருக்காது. தெரிந்த துறை என்பதால் வாங்கினீர்கள். தெரிந்த துறை என்பதாலேயே அது உங்களுக்கு வேண்டாம்.

கம்பெனிப் பங்குக்கு இது நூறு மடங்கு பொருந்தும். சத்யம் நிறுவனத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2009 ஜனவரி 7 காலையில் அதன் தலைவர் ராமலிங்க ராஜு கணக்கில் பொய் எழுதியதை ஒப்புக்கொண்டு கடிதம் கொடுத்தார். முந்தைய நாள் 179 ரூபாயாக இருந்த பங்கு அன்று மாலை 40 ரூபாய்க்கு வந்தது. ஏறத்தாழ ஐம்பதாயிரம் ஊழியர்களுக்கு அடுத்த மாதச் சம்பளம் வருமா என்பதே சந்தேகமானது. சில மாதத்தில் டெக் மஹிந்திரா 58 ரூபாய் விலையில் அதைக் கைப்பற்றியது. சம்பளத்தையும் சேமிப்பையும் அந்த ஒரே பெயரில் வைத்திருந்தவர்களின் நிலையை யோசியுங்கள். மோசடி என்பது அபூர்வம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மோசடி இல்லாமலே உங்கள் கம்பெனியின் ஒரு மோசமான காலாண்டு பங்கு விலையையும் ஆள்குறைப்பையும் ஒன்றாகக் கொண்டுவரும்.

ஓஎம்ஆரில் வாங்கிய அடுக்குமாடி வீட்டையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அதன் வாடகையும் விலையும் உங்களைப் போன்றவர்களின் வேலையை நம்பித்தான் நிற்கின்றன. மேலும் வீட்டுக் கடன் என்பது தலைகீழான பத்திரம். நீங்கள் வட்டி வாங்குவதற்குப் பதில் கட்டுகிறீர்கள். நாற்பது லட்சம் கடனும் நாற்பது லட்சம் பங்கு ஃபண்டும் வைத்திருப்பவர், கடன் வாங்கிப் பங்கு விளையாடுபவரிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. கடனில் ஒரு பகுதியை அடைப்பது, பங்கைக் குறைத்து எஃப்டியில் போடுவதைவிட லாபமான வழியாக இருக்கும், எஃப்டி வட்டியைவிடக் கடன் வட்டி அதிகம் என்பதால்.

உங்களுக்குச் சாதகமான ஒன்றும் உண்டு, குடும்பம். இந்தக் கணக்கைத் தனி ஆளாகப் போடக் கூடாது, வீடாகப் போட வேண்டும். நம்முடைய தங்கையின் கணவர் அரசு ஆசிரியர், அவருக்கும் அக்காவினுடைய அதே எண்கள் என்று வையுங்கள். இரண்டு வேலையும் இரண்டு சேமிப்பும் சேர்ந்து 3 கோடியே 80 லட்சம், அதில் முப்பது சதவீதம் 1 கோடியே 14 லட்சம். தங்கையின் வேலைக்குள் இருக்கும் 52 லட்சத்தைக் கழித்தால் 62 லட்சம் மிச்சம். வீட்டின் மொத்தச் சேமிப்பே 50 லட்சம்தான். தனியாக இருந்தபோது எட்டு சதவீதம் என்று சொன்ன அதே கணக்கு, இப்போது தாராளமாகப் பங்கு வைக்கச் சொல்கிறது. மாறாக, கணவரும் ஐடியில் இருந்து எண்களும் தங்கையினுடையதைப் போலவே இருந்தால், இலக்கு 1 கோடியே 8 லட்சம், வேலைகளுக்குள் ஏற்கெனவே இருப்பது 1 கோடியே 4 லட்சம். 50 லட்சத்தில் பங்குக்கு இடம் 4 லட்சம். ஒரே கம்பெனியில், ஒரே வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் தம்பதிகள் உங்களில் நிறையப் பேர். எஸ்ஐபியைக் கூட்டுவதற்குமுன் ஒருவராவது வேறு துறை வாடிக்கையாளருக்கு மாற முடியுமா என்று பாருங்கள்.

அக்காக்களுக்கு ஒரு எச்சரிக்கை, இந்த மடல் அவர்கள் கைக்கும் போகலாம். கணக்கு முழுவதையும் பங்கில் போடச் சொன்னாலும் போட வேண்டாம். மனித மூலதனத்தை விற்க முடியாது, அடகு வைத்தாலும் கொஞ்சம்தான் கிடைக்கும். 25 லட்சம் 14 லட்சமாகும் நாளில், "என் வேலை 1 கோடியே 75 லட்சம்" என்ற எண் யாருக்கும் தூக்கத்தைக் கொடுக்காது. முதல் சரிவிலேயே விற்றுவிட்டு வெளியேறுபவருக்கு எழுபது சதவீதத்தைவிட ஐம்பது சதவீதம் அதிகம் சம்பாதித்துத் தரும். ஆனால் எல்லாமே எல்ஐசியும் அஞ்சலக வைப்பும் என்று இருப்பது, பத்திரத்தின் மேல் பத்திரத்தை அடுக்குவதுதான்.

நண்பர்களே, உங்களிடம் நான் கேட்பது இவைதான். அடுத்த அப்ரைசல் கடிதம் வந்ததும் எஸ்ஐபியைக் கூட்டும் பழக்கம் உங்களில் பலருக்கு உண்டு. இந்த முறை அதற்குமுன் எக்செல் தாளில் மேலே இரண்டு வரி சேருங்கள். ஒன்றில் உங்கள் பிஎஃப் தொகை. அது நல்ல பத்திரம், அதைச் சேர்த்தாலே பலருடைய பங்கு விகிதம் தாளில் இருப்பதைவிடக் கீழே வந்துவிடும். மற்றதில் உங்கள் வேலை, உங்களுக்கு நம்பிக்கை உள்ள ஆண்டு வரைக்கும் மட்டும் மதிப்பிட்டு. ஆர்எஸ்யூ கைக்கு வரும் ஒவ்வொரு தவணையிலும், வந்த அன்றே விற்றுவிடுங்கள். அதே தொகையைப் போனஸாகப் பணமாகக் கொடுத்திருந்தால் அன்றைக்குக் கம்பெனிப் பங்கை வாங்கியிருப்பீர்களா என்று கேட்டால் விடை கிடைத்துவிடும். டெக்னாலஜி ஃபண்டையும் நாஸ்டாக் ஃபண்டையும் துறை சாராத ஒன்றுக்கு மாற்றுங்கள். ஓராண்டுச் செலவு தனியாகச் சேரும்வரை புதிய பங்கு எஸ்ஐபி வேண்டாம். அதற்கு மேல், வீட்டில் உறுதியான சம்பளம் ஒன்றும் இல்லாதவர்கள், சேமிப்பு ஐந்தாண்டுச் சம்பள அளவை எட்டும்வரை பங்கைப் பாதிக்கு மேல் போகவிடாதீர்கள். பாதி என்பது சூத்திரம் தந்த எண் இல்லை. எட்டுக்கும் அறுபதுக்கும் இடையே, பிஎஃப்பையும் சேர்த்து, மனிதர்கள் தாங்கக்கூடியது என்று நான் பார்த்த அளவு.

உங்கள் அலுவலக வாட்ஸப் குழுவில், புதிதாகச் சேர்ந்த பிள்ளை "எவ்வளவு சதவீதம் ஈக்விட்டி போடலாம்?" என்று கேட்கும்போது ஒரு உபகாரம் செய்யுங்கள். வயதைக் கேட்டு எண்ணைச் சொல்லாதீர்கள். அவன் சம்பளத்தைத் தருவது எந்த வாடிக்கையாளர், வீட்டில் இன்னொரு சம்பளம் உண்டா, அது எந்தத் துறையிலிருந்து வருகிறது என்று முதலில் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் தாள்களைப் பார்த்துத் தரும் ஒருவர்